பங்கேற்பாளர் ஏழு

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். லாபிஸிலிருந்து லாயாங் லாயாங் வரைக்கும் ரயில் பாதையோரம் சின்னச் சின்ன ஊர்கள் நிறைய உண்டு. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புத்தி அப்போது எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூட வேலையோடு பகுதி நேரமாக அரசியல் சமூகவியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வுக் கட்டுரையின் கேள்வி இதுதான்: அரசாங்கம் மக்களிடம் தகவல் சேர்ப்பதும், ஐசி என்கிற அடையாள அட்டை, செயலி, கேமரா வழியாக அவர்களைக் கவனிப்பதும், அரசாங்கத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையை என்ன செய்கின்றன? பயம்தான் பதிலாக வரும் என்று நினைத்துப் போனேன். பயந்தவர்களும் இருந்தார்கள். ஒரு லோரி ஓட்டுநர் கைபேசியை அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார். ஆனால் பெரும்பாலோரிடம் இருந்தது அலுப்பு. எத்தனை ஃபாரம் நிரப்பியாச்சு, என்ன கிடைச்சது என்ற அலுப்பு.

அந்த அலுப்பை எனக்குச் சரியாகச் சொன்னவர் ஸ்டேஷன் எதிரே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்ற அக்கா. நான் ஏழாவதாகப் பேட்டி கண்டவர். பேச்சில் ராணி. கட்டைக் குரலில் அவர் ஒன்று சொன்னால் வாடிக்கையாளர்கள் இலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிரிப்பார்கள்.

“பேரு போட மாட்டேன்கா. ஏழுன்னு ஒரு நம்பர்தான் இருக்கும்” என்றேன், ஒப்புதல் படிவத்தை நீட்டி.

“என் பிள்ளைக்கு ஒரு நம்பர் குடுங்கன்னு நாயா அலையுறேன். எனக்கு இன்னொரு நம்பரா? நல்லா இருக்கு லா!”

அவர் மகளுக்கு அப்போது இருபது வயது. பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை இல்லாதவர் என்று எழுதியிருந்தது. ஐசி கிடையாது. கூடப் படித்தவர்கள் எல்லாம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தபோது இவள் அம்மாவோடு சம்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். பதிவு அலுவலகத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு வருடங்கள் ஆகிவிட்டன. இருபத்தொரு வயதுக்குள் போட வேண்டிய விண்ணப்பம் அது. வயது தாண்டிய பிறகு நிராகரித்துவிட்டால் அதே வழியில் மறுபடி போட முடியாது.

“அரசாங்கம் தகவல் கேட்கிறதப் பத்தி என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி டீச்சர். வயசென்ன, படிப்பென்ன, வீடு சொந்தமா, நோய் நொடி உண்டா, எல்லாத்தையும் கேப்பாங்க. பலகாரத்தையும் தின்னுட்டு, தகவல் சொல்றோம்னு எழுந்து போவாங்க. அவ்வளவுதான். எந்தத் தகவலும் வராது.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆய்வாளருக்கு இப்படி ஒரு வாசகம் அகப்பட்டால் அன்றைக்கு லாட்டரிதான். எழுந்து ஆடாத குறை.

பிறகு மகள் தேங்காய் வாங்கப் போன நேரத்தில் அவர் குரலைத் தாழ்த்தினார். “அவ நான் பெத்த பிள்ளை இல்ல. ஆறு நாள் குழந்தையா கைக்கு வந்தா. அப்பா பதிவு பண்ண லேட்டாக்கிட்டாருன்னுதான் அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். கவுண்டர்ல கேட்டாங்க, சொல்லித்தான் ஆகணும், சொன்னேன். பின்னால நாலு பேரு வரிசையில நிக்கிறாங்க. இப்ப உங்ககிட்ட. சூராட் வரட்டும், ஐசியை அவ கையில குடுத்துட்டு நானே சொல்லிக்கிறேன்.”

அந்தக் குடியுரிமைக் கடிதம் வரும் நாளுக்காக அவர் அந்த உண்மையை எடுத்து வைத்திருந்தார். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கிளம்பும்போது, “ஆய்வு முடிஞ்சதும் வந்து தகவல் சொல்றேன்கா” என்றேன்.

“அலமாக், நீங்களுமா!” என்று கையைத் தட்டிச் சிரித்தார்.

கண்டறிந்ததை மக்களிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் விருப்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர்ப் பொதுமண்டபத்தில் ஐம்பது நாற்காலி, புரொஜெக்டர், பிஸ்கட். பெயர், ஊர், தொழில், வயது எல்லாவற்றையும் நீக்கியிருந்தேன். மகளுக்குத் தெரியாது என்ற வரியையும் வெட்டியிருந்தேன். அக்காவும் மகளும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வந்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

முதல் வாசகத்தைப் போட்டேன். பொண்ணு பாக்க வந்தவங்க. கீழே, பங்கேற்பாளர் 7.

மண்டபமே கொல்லென்று சிரித்தது. “நம்ம நாசி லெமாக் அக்கா லா இது!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார். நீக்கவேண்டிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அவர் குரலை அப்படியே விட்டிருந்தேன். தினமும் காலையில் ஊர் கேட்கிற குரல். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். மகள் அவர் தோளை இடித்தாள். நானும் சிரித்தேன். கைதட்டல் வாங்கிய குஷியில் பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த பக்கம்: “அவ நான் பெத்த பிள்ளை இல்ல. கவுண்டர்ல கேட்டாங்க, சொல்லித்தான் ஆகணும்.” கீழே, பங்கேற்பாளர் 7.

இப்போது யாரும் கத்தவில்லை.

என் கட்டுரையின் இரண்டாம் பகுதியில் நானே எழுதியிருந்தேன். தனித்தனியாகக் கிடக்கும் தகவல்களால் பெரிய ஆபத்தில்லை, ஒரே எண்ணின் கீழ் அவற்றைக் கோக்கும்போதுதான் ஆள் அகப்படுகிறார் என்று. அரசாங்கத் தரவுத்தளத்தைப் பற்றி எழுதியது. எழுதிய கையேதான் இரண்டு பக்கத்திலும் அதே ஏழு என்ற எண்ணைப் போட்டது. பாவி, ஒரு இடத்திலாவது வேறு எண் போட்டிருக்கலாம். போடத் தோன்றவில்லை.

அந்தப் பக்கத்தை மாற்றப் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினேன். மகள் படித்து முடித்துவிட்டாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எழுந்து வெளியே போனாள்.

நடந்ததைப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். பங்கேற்பாளர் விரும்பினால் தன் தகவலை முழுதும் விலக்கிக்கொள்ளலாம் என்று ஒரு படிவம் அனுப்பினார்கள். சில வாரம் கழித்து அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அக்கா தனியாகப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்.

“லாயாங் லாயாங்கில அத்தை வீட்ல இருக்கா. ஃபோன எடுக்கிறதில்ல. போன வாரம் இருபத்தொண்ணு முடிஞ்சிச்சு” என்றார், நான் கேட்காமலே.

“சூராட்?”

தலையை மட்டும் ஆட்டினார். இல்லை.

என்னை மன்னிச்சிடுங்கக்கா என்று அழுதேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. நாலு வார்த்தை அசிங்கமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினார். அதிலும் பெயர், ஐசி எண், முகவரி, கையெழுத்து. ஒவ்வொரு கட்டமாக நிதானமாக நிரப்பினார், எத்தனையோ ஃபாரம் நிரப்பிய கையல்லவா.

“எத்தனை பேரு தகவல் சொல்றோம்னு சொல்லிட்டுப் போனாங்க டீச்சர்” என்றார், பேனாவைத் திருப்பிக் கொடுத்தபடி. “நீங்க ஒருத்தர்தான் சொன்னபடி வந்து சொன்னீங்க.”