காத்திருப்புக்குப் போட்ட விலை

கிடங்கின் கணக்குக்காரி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. மணிக்குச் சராசரியாக மூன்று லாரிகள் வருகின்றன. நான்கு சுமைக்காரர்கள் இருந்தால் மணிக்கு நான்கு லாரிக்குச் சரக்கேற்றலாம். ஐந்து பேர் என்றால் ஐந்து. ஆள் கூடினால் கூலி ஏறும், லாரிகள் காத்து நிற்கும் செலவு இறங்கும். இரண்டையும் கூட்டினால் ஐந்து பேருக்குத்தான் தொகை குறைவு. ஆறு பேருக்கு மறுபடி ஏறியது.

மேனேஜர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப எல்லாம் வாடகை வண்டிம்மா. அவன் நின்னா அவனுக்குத்தான் நஷ்டம், நமக்கென்ன? காத்திருப்புக்கு சைபர் போடு."

போட்டாள். மிஞ்சியது கூலி மட்டும். லாரிகள் ஒரே சீராக வருவதில்லை; மூன்று பேர் என்றால் வரிசை வளர்ந்துகொண்டே போகும், அதனால் கணக்கு நான்கில் நின்றது. அதுவரை வேலையிலிருந்த ஐந்தாவது சுமைக்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம், வாடகை லாரி ஓட்டும் அவள் கணவன் கிடங்கு வாசல் வரிசையிலிருந்து போன் செய்தான்.

"ரெண்டு மணி நேரமா நிக்கிறேன். எங்க நேரத்துக்கு உங்க ஆபீஸ்ல என்னதான் விலை போட்டிருக்காங்க? கேட்டுச் சொல்லேன்."

"கேக்கிறேங்க" என்றாள், தன் கையெழுத்திலிருந்த அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு.