முன்கூட்டிப் போட்ட தேதி

திருப்பூரில் சொன்ன தேதிக்குச் சரக்கு வந்ததாக யாராவது சொன்னால், அவர் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். என் வீட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனியில் அதைத் துரத்துகிற வேலைதான். சாயப்பட்டறை, பிரிண்டிங், அட்டைப்பெட்டிக்காரர் என்று எல்லோரிடமும் வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முந்தின தேதியைத்தான் சொல்லுவார். அப்போதுதான் வேண்டிய நாளுக்காவது வந்து சேருமாம்.

எங்கள் தெற்கத்திச் சீமையிலேயே கம்பெனி ஒரு யூனிட் திறந்ததும், அதே கம்பெனியில் இருந்த எங்கள் இருவருக்கும் அங்கே வேலை மாறியது. ஏழாம் வகுப்பில் இருந்த மகளுக்கு டி.சி. வாங்க வேண்டும். அடுத்த வாரம் சனிக்கிழமை வண்டி ஏறுவதாக ஏற்பாடு. விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

“இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னு போடு” என்றார் அவர்.

“நாம போறது அடுத்த வாரம்லா?”

“கவர்மெண்ட் ஆபீஸு. நாலு தடவ நடக்க விடுவாங்க. போடு.”

எழுதினேன். மகளின் பெயர், ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, காரணம் பெற்றோரின் பணியிட மாற்றம், தேவைப்படும் நாள் இந்த வெள்ளி. தலைமையாசிரியைக்கு முகவரியிட்டு, பள்ளி அலுவலகத்தில் கொடுத்தோம். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியை ஏற்றி விட்டுப் படித்தார்.

“ஏனுங்க, வெள்ளிக்கிழமையே வேணுங்களா?”

“கண்டிப்பா வேணும் சார்” என்றார் இவர், சாயப்பட்டறையில் பேசுகிற அதே குரலில்.

“சரிங்க. லைப்ரரி புத்தகம் இருந்தாக் குடுத்துரச் சொல்லுங்க.”

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், மகள் சீருடையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏட்டி, என்ன ஆச்சு?”

“நாளையோட எனக்குப் பள்ளிக்கூடத்துல பேரு இல்லையாம். கும்மில என் இடத்துல வேற பிள்ளைய நிறுத்திட்டாங்கம்மா.”

அடுத்த வியாழக்கிழமை ஆண்டு விழா. அதில் வள்ளி கும்மி. இந்த ஊர்க்காரப் பிள்ளைகளுக்கு அது கூடவே பிறந்தது. எங்கள் பிள்ளைக்கு அடவு பிடிபடவே பல நாள் ஆனது. மொட்டை மாடியில் தனியாக ஆடி ஆடிப் பழகி, கடைசியில் முதல் வரிசைக்கு வந்திருந்தாள்.

“ஊர் உலகத்துல எல்லாரும் உங்க அட்டைப்பெட்டிக்காரனா? சொன்ன தேதிக்குக் குடுக்குற மனுசனும் இருக்கான் பாத்தீங்களா!” என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். இரவு அவர் சாப்பிடவில்லை. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை பர்மிஷன் போட்டுவிட்டு இருவரும் பள்ளி அலுவலகத்துக்கு ஓடினோம். மேசைமேல் டி.சி. தயாராக இருந்தது. தலைமையாசிரியையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“கையெழுத்து ஆயிருச்சுன்னா பதிவேட்டுல பேரை எடுத்துருவமுங்க. கம்ப்யூட்டர்லயும் எந்தப் பள்ளிக்கூடமும் எடுத்துக்கற மாதிரி பொதுவுல விட்டுருவோம். அப்பத்தானுங்க அங்க சேத்துக்குவாங்க. உங்களுக்கு அவசரம்னு நான் நேத்து உக்காந்து முடிச்சனுங்க” என்றார் எழுத்தர். குறை சொல்லவில்லை, உண்மையிலேயே எங்களுக்காகச் செய்திருந்தார். அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

இவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளதைச் சொன்னார். கையெழுத்துப் போட வந்த தலைமையாசிரியை கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“என்ர ஊட்டுக்காரரும் இந்தத் தொழில்தானுங்க. ஒரு கல்யாணத்துக்குப் போறதுன்னாலும் ஒரு மணி நேரம் முன்னாடி நேரஞ் சொல்லித்தான் என்னையக் கெளப்புவாரு. நெசமா எந்தத் தேதிக்கு வேணுமோ அதப் போட்டு, வேற எழுதிக் குடுங்க. விழா முடிஞ்சு மறுநாள் வாங்கிக்கலாம்.” எழுத்தர் பக்கம் திரும்பி, “கும்மி டீச்சர்கிட்டச் சொல்லீருங்க, பாப்பா மொத வரிசையிலயே நிக்கட்டும்” என்றார்.

இந்த முறை விண்ணப்பத்தை அவரே எழுதினார். அதே வகுப்பு, அதே காரணம், உண்மையான தேதி.

விழாவில் எங்கள் பிள்ளை ஆடியதைப் பார்த்து நான் அழுதேன். அவர் கைப்பேசியில் படம் பிடிக்கிறேன் என்று அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் சொன்னபடி டி.சி. கைக்கு வந்தது. மகளும் கூட வந்திருந்தாள். எழுத்தர் அவளிடம், “நல்லாப் படி கண்ணு” என்றார். தலையாட்டினாள். கேட்டைத் தாண்டி வண்டியில் ஏறுமுன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, முன்னாடி தேதி மட்டுந்தான் போடுவியளா? இன்னுங் கொஞ்சம் பின்னாடி போட்டிருக்கக் கூடாதா?”

ஊரையே தேதி சொல்லி மிரட்டுகிற மனுசன், வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அவள் தோளில் கைபோட்டுப் பள்ளிக்கூடத்தை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.