பீட்ரூட்டை நிறுத்திய மூன்றாம் நாள்

தீயணைப்பு நிலையத்தில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஏணி. ஆள் ஆறடிக்கு மேல். பதினெட்டு வருஷமாக வண்டியின் ஏணியை முதலில் தொடுகிற கை அவருடையதுதான். வேறு யாராவது முந்திக்கொண்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்படி ஒரு வீம்பு.

அந்த வீம்புக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை மைதானத்தை ஆறு சுற்று ஓடிக் காட்ட வேண்டும். இரண்டாயிரத்து நானூறு மீட்டர், பன்னிரண்டு நிமிஷம். முடியாவிட்டால் ஆறு வாரம் கழித்து இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் வண்டியை விட்டு இறக்கிப் பண்டக அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். தலைக்கவசம் எண்ணுகிற வேலை. போன வருஷம் பதினொரு நிமிஷம் இரண்டு விநாடியில் முடித்துவிட்டு ஜோக் அடித்துக்கொண்டு நின்றவர்தான். ஆனால் அடுத்த சில மாதங்களிலேயே மூச்சு அவர் சொன்னபடி கேட்காமல் போனது. ஒரு குடியிருப்பில் புகை என்று ஓடியபோது, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது மாடி வரைதான் ஏற முடிந்தது. படியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவனிடம், "லேஸ் அவுந்துடுச்சுப்பா, நீ போ" என்றார். அவர் போட்டிருந்தது லேஸே இல்லாத பூட்ஸ். புகையில் யார் பார்த்தார்கள்!

அன்றிலிருந்து பயம் அவரோடு கூடவே சாப்பிட்டது, கூடவே படுத்தது. வீட்டில் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் காகிதத்தில் ஏறும், ஏறினால் வண்டியிலிருந்து இறக்குவார்கள். நாற்பத்து மூன்று வயதாகிறது, உடம்பு கொஞ்சம் துருப்பிடித்திருக்கும், எண்ணெய் விட்டால் ஓடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

எண்ணெய் விட ஆள் கிடைத்தான். வண்டியில் பம்ப்பைக் கவனிக்கிற பையன். பையன் என்றாலும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஜிம்மே கதி என்று கிடப்பவன்.

"அண்ணே, ஸ்டாமினா கம்மியானா பீட்ரூட்தான். தினம் பெரிய டம்ளர் ஒண்ணு. அதுல இருக்கிற நைட்ரேட் ரத்தக் குழாயை விரிச்சு விடும். ஓடுறவங்க எல்லாம் இதைத்தான் குடிக்கிறாங்க."

"சர்க்கரைத் தண்ணி மாதிரி இருக்குமே?"

"கொஞ்சம் மண் வாசனை அடிக்கும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இறக்குங்க. அப்புறம் பாத்ரூம்ல சிவப்பா போகும். பார்த்துட்டு அலறாதீங்க, அது வெறும் கலர்."

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் கொடுமை.

அன்று தொடங்கி எட்டு மாதம் தினமும் பீட்ரூட். மனைவி ஒரு பேக்கரியில் கேக் போடுகிறவள். விடிந்ததும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஜூஸ் அடித்து வைத்துவிட்டுப் போவாள். குடித்தால் பல்லெல்லாம் சிவக்கும். நிலையத்தில், "யாரைக் கடிச்சுட்டு வர்றீங்க?" என்று கிண்டல். அதனால் குடித்த கையோடு பச்சை நிற மவுத்வாஷால் வாயை நன்றாகக் கொப்பளிப்பார். சொன்னபடியே கழிப்பறையும் சிவந்தது. முதல் நாள் பார்த்தபோது ஒரு அடி பின்னால் போனார். அப்புறம் பம்ப் பையன் சொன்னது ஞாபகம் வர, "அட, கலர்!" என்று தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு குனிந்து பார்த்ததே இல்லை.

ஆனால் மூச்சு திரும்பவில்லை. பயம் கூடக் கூட அலமாரியில் டப்பாவும் கூடியது. தசைக்கு என்று அமினோ அமிலப் பொடி, நாக்கடியில் விடுகிற ஆக்சிஜன் சொட்டு மருந்து, மலை மூலிகை மாத்திரை. கடைசியாகச் சோடா உப்பு. ஓடும்போது தசையில் ஏறுகிற அமிலத்தை அது மட்டுப்படுத்தும், எடைக்குக் கிலோவுக்குக் கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே எடுக்க வேண்டும் என்று எங்கேயோ படித்தார். இவர் எழுபத்து நான்கு கிலோ. கணக்குப் போட்டால் இருபத்திரண்டு கிராம், நான்கு ஸ்பூனுக்கு மேல். மனைவியின் டப்பாவிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

சோதனை நாள் காலையில் வெறும் வயிற்றில், அந்த உப்பு அத்தனையையும் ஒரே டம்ளரில் கரைத்து, ஓடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் மடமடவென்று குடித்தார். உவர்ப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. முதல் சுற்றில் வயிறு உப்பியது. இரண்டாவது சுற்றில் உள்ளே ஏதோ புரண்டது. மூன்றாவது சுற்றில், ஐயோ, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பாதையை விட்டு விலகிக் கழிப்பறைக்கு ஓடினார். அந்த ஓட்டத்தை யாராவது நேரம் குறித்திருந்தால் தேறியிருப்பார்.

உள்ளே பீங்கான் முழுக்கச் சிவப்பு. அன்று கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. உட்கார்ந்தபடியே சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. 'பீட்ரூட்தான். நேத்தும் குடிச்சேனே' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

இன்னும் ஆறு வாரம். துறையின் உடற்பயிற்சி ஆசிரியை முன்பு நெடுந்தூர ஓட்டக்காரி. சிரித்துக்கொண்டே ஆளை வறுத்தெடுப்பவர். அடுத்த வாரம் இவரை வரச் சொல்லி, சோடா கீடா இல்லாமல் தனியாக ஓடவிட்டுப் பார்த்தார். பன்னிரண்டு நிமிஷம் முப்பத்தாறு விநாடி. ஓடி முடித்து அரை மணி ஆகியும் ஏணிக்குக் காது அடைத்துக்கொண்டே இருந்தது. டப்பாக்களைப் போட்டு அவர் கொண்டுவந்த பையை ஆசிரியை மேஜையில் கவிழ்த்தார்.

"அமினோ பொடி. சோறும் பருப்பும் முட்டையும் சாப்பிடுற ஆளுக்கு இது தண்டம். ஆக்சிஜன் சொட்டு. நீங்க என்ன மீனா, வயித்தால மூச்சு விட? தூக்கிப் போடுங்க. மூலிகை மாத்திரை, உள்ள என்ன இருக்குன்னு தயாரிச்சவனுக்கே தெரியாது. போடுங்க அதையும்."

"சோடா உப்பு மேடம்?"

"அது வேலை செய்யும். சில நிமிஷம் உயிரைக் குடுத்து ஓடுறதுக்கு ஆதாரம் இருக்கு. ஆனா சாப்பாட்டோட, கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு மணி நேரத்துல பிரிச்சு எடுக்கணும். அதையும் முதல்ல பயிற்சி நாள்ல எடுத்துப் பார்க்கணும். சோதனை அன்னிக்குத்தான் முதல் தடவை குடிப்பீங்களா? நீங்க குடிச்ச மாதிரி குடிச்சா குதிரைக்கும் பிடுங்கிக்கும்."

"காபி?"

"ஓடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. தாராளமா."

"பீட்ரூட்?"

"அதுக்கும் ஆதாரம் இருக்கு. ஓட்டத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி குடிக்கணும். குடிச்சிட்டு வாய் கொப்பளிக்கிறீங்களா?"

மவுத்வாஷ் கதையைச் சொன்னார். ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். நாக்கில் இருக்கிற கிருமிகள்தான் அந்த நைட்ரேட்டை உடம்புக்கு உதவுகிற மாதிரி மாற்றித் தருகின்றன. அவற்றைத் தினமும் கொன்றுவிட்டு ஜூஸ் குடித்து என்ன பயன் என்றார்.

"அப்போ எட்டு மாசமா கழிப்பறைக்குச் சாயம் பூசினதுதான் மிச்சமா!" என்று ஏணி சிரித்தார்.

ஆசிரியை சிரிக்கவில்லை. போன வருஷத்துச் சீட்டை எடுத்து இந்த வருஷத்துச் சீட்டின் பக்கத்தில் வைத்தார்.

"இங்க பாருங்க. எல்லாத்தையும் சரியா எடுத்தாலும், ரொம்ப நல்லா வேலை செஞ்சாலும், இந்தத் தூரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு செகண்ட் கிடைக்கும். நீங்க ஒரு வருஷத்துல தொண்ணூத்து நாலு செகண்ட் தொலைச்சிருக்கீங்க. பயிற்சியையும் விடல, வெயிட்டும் ஏறல. அவ்வளவையும் எந்த டம்ளராலயும் திருப்பித் தர முடியாது. அது எங்க போச்சு?"

ஆசிரியை எழுந்து வந்து, அவரைக் கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொன்னார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"காகிதம் மாதிரி வெளுத்துப் போயிருக்கீங்க. இன்னிக்கே ரத்தம் குடுங்க. பீட்ரூட்டை நிறுத்துங்க. அந்தக் கலர் ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். மூணாம் நாளும் சிவப்பா இருந்தா அது பீட்ரூட் இல்ல. புரியுதா?"

"புரியுது மேடம்."

புரிந்ததால்தான் ரத்தம் கொடுக்கப் போகவில்லை. பெரிய நெருப்புக்குள் நுழைந்திருக்கிறார், கூரை சரிவதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். ஒரு சின்ன ஊசியையும் ஒரு காகிதத்தையும் கண்டு ஒளிந்துகொண்டார். சொன்னால் யார் நம்புவார்கள்?

முதல் நாள் மனைவி வைத்த ஜூஸைத் தொட்டியில் ஊற்றினார். கழிப்பறையில் சிவப்பு. நேற்று குடித்தது என்று விட்டுவிட்டார். இரண்டாம் நாளும் சிவப்பு. ஒன்று ரெண்டு நாள் என்றுதானே சொன்னார், ரெண்டாவது நாள் இன்னும் முடியவில்லையே என்று சின்னப் பிள்ளை மாதிரி மணிக்கணக்கு பார்த்தார். இரவுச் சாப்பாட்டில் தக்காளியைக்கூட ஒதுக்கினார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, குனிந்து பார்த்தார்.

பீட்ரூட்டின் நிறம் ஊதா கலந்தது. தண்ணீரில் அழகாகக் கரைந்து ஓடும். இது கரையவில்லை. கருஞ்சிவப்பாக, இழை இழையாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. விபத்தில் நசுங்கிய வண்டிகளுக்குள்ளிருந்து ஆட்களை இழுத்துப் போட்டவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றக் கையைத் தூக்கினார். ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. நாளை பீட்ரூட் குடிக்க ஆரம்பித்துவிட்டால் தனக்குமே தெரியாது. ஐந்து வாரம், ஒரு ஓட்டம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, உள்ளயே குடித்தனம் வெச்சுட்டீங்களா? எனக்கு அடுப்புல கேக் வெக்கிற நேரமாச்சு!"

தூக்கிய கை அப்படியே நின்றது.

"என்னங்க?" குரல் மாறியது. "ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

தாழ்ப்பாளைத் திறந்தார். ஒதுங்கி நின்று, கையால் கீழே காட்டினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். "நான்தான் நேத்தும் முந்தா நேத்தும் ஜூஸ் போட்டு வெச்சேனே..."

"நான் குடிக்கலடி. மூணு நாளா குடிக்கல."

அவள் பேக்கரிக்குப் போன் போட்டு, "இன்னிக்கு வரல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்த ஒரு மணி நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். பதின்மூன்றுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழரை இருந்தது. டாக்டர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். ஆக்சிஜனைச் சுமக்கிற சரக்கில் பாதிதான் உள்ளே இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு ஆறு சுற்று ஓடி முடித்ததே பெரிய விஷயம் என்றார். குடலில் எங்கேயோ கசிகிறது. இன்றே சேர்ந்துவிட வேண்டும், நாளை குழாய் விட்டுப் பார்த்தால்தான் அது சாதாரணப் புண்ணா, கட்டியா என்று தெரியும்.

"ரத்தம் எத்தனை நாளா போகுது?"

"தெரியாது டாக்டர். எட்டு மாசமா பீட்ரூட் குடிச்சேன். கலர்னு நினைச்சுட்டேன்."

"சரி, பீட்ரூட்டை விடுங்க. மூச்சு வாங்க ஆரம்பிச்சது எப்போ?"

ஏணி வாயைத் திறந்தார். பக்கத்தில் மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவருக்கு அந்த மூன்றாவது மாடிப் படி ஞாபகம் வந்தது, புகையில் உட்கார்ந்து பொய் சொன்னது ஞாபகம் வந்தது.

"அதுக்கும் முன்னாடி," என்றார். "மூச்சு வாங்கினதாலதான் டாக்டர் பீட்ரூட்டே குடிக்க ஆரம்பிச்சேன்."