மேல்தட்டில் ஏற்றிய வெங்காயம்

அப்போது மதுரையில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். மாலத்தீவுக்குச் சரக்கு அனுப்பும் முதலாளி, அந்த முறை என்னையும் தோணியில் ஏறச் சொன்னார். வீடு இருந்த திருநகரிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ் ஏறியபோதே எனக்கு எரிச்சல்தான். வைகாசி பிறக்கப் போகிறது; அதற்குமேல் கடல் தோணிக்கு ஆகாது. வெங்காய லாரிகள் நான்கு நாள் தாமதமாக வந்தன. அதற்குள் தோணியின் கிடங்கில் வேறொருவரின் ஓடுகளும் சிமென்ட்டும் இறங்கி, எங்கள் மூட்டையில் பாதிக்குத்தான் இடம் மிஞ்சியது.

"மிச்சத்த மேல்தட்டுல ஏத்துங்கண்ணே," என்றேன் தண்டலிடம். தோணியின் தலைவர் அவர்.

"வேண்டாம் தம்பி. கச்சான் எழும்புத நேரம். தென்மேற்குக் காத்து, மூஞ்சிக்கு நேரா அடிக்கும். மேல பாரம் இருந்தா தோணி உருளும்."

முதலாளிக்குப் போன் போட்டேன். "அம்புட்டையும் ஏத்தாம நீ ஊருக்கு வராத," என்றார். வேறு வழியில்லை. மேல்தட்டுச் சரக்குக்கு அனுப்புபவரே பொறுப்பு என்று தண்டல் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறினேன்.

கன்னியாகுமரியைத் தாண்டிய மறுநாள் காலை காற்று வந்தது. அலை முன்பக்கம் ஏறி மேல்தட்டெங்கும் ஓடியது. தார்ப்பாய் போட்டு மூடினால் வெங்காயம் புழுங்கும், மூடாவிட்டால் நனையும். தோணி ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர நேரமாயிற்று. தண்டல் மூட்டைகளைக் கடலில் தள்ளச் சொன்னார்.

"எங்க மூட்டைய மட்டுமா? அந்த ஓடுகளையும் தள்ளுங்க!" என்று கத்தினேன்.

"ஓடு அடியில கெடக்கு. அந்தக் கனந்தான் தோணிய நிமித்துது. மேல இருக்கதுதான் சாய்க்குது. தள்ளுங்கல!"

ஐந்து மாலுமிகள் தள்ளினார்கள். கடைசியில் நானும் தள்ளினேன். அப்படியும் எதிர்காற்றில் முன்னேற முடியவில்லை. தோணியைத் திருப்பி, பாயை விரித்து, காற்றை முதுகில் வாங்கியபடி தூத்துக்குடிக்கே திரும்பினோம். ஆவணி வரை இனிப் புறப்பட அனுமதியில்லை என்றார்கள் துறைமுகத்தில். தோணியின் கிடங்கைத் திறந்தபோது மிச்ச வெங்காயம் அழுகி நாறியது.

மண்டியில் முதலாளி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "கடல் சும்மா கெடந்துச்சு, தண்டல் பயந்துபோய்த் தள்ளிட்டான்னு தோணி ஏஜென்ட்கிட்ட சொல்லு. நட்டத்த அவன் தலையில கட்டிரலாம்."

"நானும் சேந்துதான் தள்ளுனேன், அண்ணாச்சி. தள்ளலன்னா இன்னைக்கு இங்க நின்னு பேச நான் இருக்க மாட்டேன்."

"அப்ப அந்தத் தோணியிலேயே போய் வேல பாரு."

மண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். திருநகர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. வேலை போனதைவிட, முதல் நாளே தண்டல் சொன்னதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்ட என் மீதுதான் வழியெல்லாம் கோபம் வந்தது. அது இன்றுவரை தீரவில்லை.