பனவடலிசத்திரத்துப் பதினோரு அட்டைகள்

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு பிரஷர் குக்கர் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. சங்கரன்கோவில் பகுதிக்கான கமிஷன் திட்டத்தை எழுதியவனும் நானே. அப்போது என் மூளையைப் பற்றி எனக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம்.

டவுன் பாத்திரக்கடை அண்ணாச்சிதான் டீலர். அவருக்குப் பதினைந்து சதவீதம். கிராமங்களில் சமைத்துக் காட்டி ஆர்டர் பிடிக்க ஏஜெண்டுகள். ஆர்டர் புத்தகத்தில் ஏஜெண்ட் பெயர் இருந்தால், அந்தப் பதினைந்தில் ஐந்து அவருக்குப் போகும். ஆள் நேராகக் கடைக்கு வந்து வாங்கினால் முழுவதும் அண்ணாச்சிக்கு. ஆறு மாதத்தில் பத்து ஆர்டர் பிடிக்காதவரை நீக்கிவிடலாம். கம்பெனிக்கு நயாபைசா கூடுதல் செலவில்லை என்று மேனேஜர் தட்டிக்கொடுத்தார்.

பனவடலிசத்திரத்தில் ஒரு அக்கா ஏஜெண்ட் ஆனார். கணவர் படுத்த படுக்கை. இந்தக் கமிஷனை நம்பித்தான் களையெடுக்கப் போவதை விட்டார். குக்கர் வெடிக்கும் என்று ஊரே பயந்தது. அந்த அக்கா தன் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, விசில் வரும்வரை கதை பேசுவார். ஊருக்குப் பயம் தெளிந்தது.

ஆனால் பாத்திரம் வாங்குவதென்றால் அந்தப் பக்கத்து ஜனங்கள் சங்கரன்கோவிலுக்கு வந்து, கோயிலில் கும்பிட்டுவிட்டு, கடையில் நாலைத் தட்டிப் பார்த்து, பெயர் வெட்டித்தான் வாங்குவார்கள். இது எனக்கும் தெரியும். திட்டம் எழுதும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அக்காவின் புத்தகத்தில் ஒரே ஆர்டர். நேராகக் கடைக்கு வந்து வாங்கியவர்களின் உத்தரவாத அட்டைகளைப் புரட்டினேன். பனவடலிசத்திரம் முகவரியில் பதினோரு அட்டை.

"யாரு சொல்லி வந்தாங்கன்னு கேட்டீங்களா அண்ணாச்சி?"

"நான் எதுக்கு சார் கேக்கணும்? கேட்டா அஞ்சு போயிரும். நீங்க எழுதுன திட்டந்தான?"

அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்கு அவருக்குக் கூலி வைத்தவனே நான்தான்.

அட்டைகளை மேனேஜருக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் திட்டம் ஓட்டை என்று தெரிந்துவிடும், பதவி உயர்வு கைநழுவும். நீக்கல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சமைத்துக் காட்டிய குக்கரைத் திருப்பிக் கொடுக்க அக்கா கடைக்கு வந்தார். பளபளவென்று தேய்த்திருந்தார்.

"எங்க ஊர்ல பன்னெண்டு வீட்டுல விசில் கேக்கு சார். நான் ஒண்ணுதான் வித்தேன்னு எழுதியிருக்கீய."

"ரூல் அப்படிம்மா" என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"சரி சார். நாளைக்கே களையெடுக்கப் போயிருதேன்."

அடுத்த வருடம் திட்டத்தை மாற்றினேன். டீலரின் பங்கில் கைவைக்காமல், அட்டையில் எந்த ஊரோ அந்த ஊர் ஏஜெண்டுக்குக் கம்பெனியே ஐந்து சதவீதம் தரும். விற்பனை கூடியது, எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

பனவடலிசத்திரத்துக்கு வேறொருவரை நியமித்தேன். அந்த அக்காவைக் கூப்பிட்டிருந்தால், பழைய பதினோரு அட்டைக்கும் கமிஷன் கேட்டுவிடுவாரே என்று பயந்தேன்.