முதலில் சேதாரத்தைச் சொல்லுங்க

துபாயில் இருக்கும் அக்கா மகனிடமிருந்து கடிதம் வந்தது. தன் தங்கச்சி கல்யாணத்துக்காக மாதம் ஐயாயிரம் அனுப்புவானாம். அம்மா பேரில் நகைச்சீட்டு போட்டுவிட வேண்டுமாம். ‘பதினொரு மாசம் நாம கட்டுனா பன்னிரண்டாவது மாசத்தைக் கடைக்காரரே போடுதாராம் மாமா. சும்மா கிடைக்கிறதை விடுவானேன்?’ என்று எழுதியிருந்தான்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருப்பவன் நான். பத்து பாக்கெட் எடுத்தால் ஒன்று சும்மா கொடுக்கிறவன். அந்த ஒன்றை எங்கிருந்து எடுக்கிறேன் என்று எனக்குத் தெரியாதா!

ஆனால் அக்காவிடம் வாய் கொடுத்து மீள முடியாது. மாதம் ஐநூறு கட்டி அவள் ஏற்கெனவே ஒரு சீட்டை முடித்து வைத்திருந்தாள். “ஏலே, நீ மிட்டாயைப் பாரு. நகையை நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். அந்தச் சீட்டுக்கு மகளுக்கு ஒரு சங்கிலி எடுக்க அந்த வாரமே கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். நான் சொல்லும்வரை சீட்டு அட்டையை வெளியே எடுக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

நகைக்கடையில் குடிக்கக் கலர் கொடுத்தார்கள். ஒரு சங்கிலி அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. சேதாரம் பதினாறு சதவீதம் என்றான் விற்கிறவன். நான் எழுந்தேன், பதினாலு ஆனது. வாசல் வரை போனேன், பதினொன்று. “சரி, பில்லைப் போடுங்க” என்றதும் அக்கா அட்டையை நீட்டினாள்.

“சீட்டா? முதல்லயே சொல்லக் கூடாதா அண்ணாச்சி? சீட்டுக்குப் பதினாறுதான்.”

“அப்ப நகை வேண்டாம், ரூபாயாத் தந்திருங்க” என்றேன்.

“ரூபாயாத் தர மாட்டோம். தங்கக்காசும் கிடையாது. நகைதான் எடுக்கணும், அதுவும் இங்கனதான்.”

பன்னிரண்டாவது மாசத்துக்குக் கடைக்காரர் போட்ட ஐநூறில் பாதி அந்த இடத்திலேயே போயிற்று. கட்டிய பணத்தை ரூபாயாகவே வைத்திருந்து, அன்றைய விலைக்குத்தான் தங்கம் கணக்குப் போட்டார்கள். மீதிப் பாதியை விலையேற்றம் தின்றுவிட்டது. வீடு வரும்வரை அக்கா பில்லையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

அன்று சாயங்காலமே மருமகனுக்கு எழுதினேன். ‘மாப்ளே, சீட்டு கட்டுனவன் கடையை விட்டு எந்திரிச்சுப் போக முடியாது. போக முடியாதவனுக்கு எவன்டே விலையைக் குறைப்பான்? உன் பணம் வந்த அன்னைக்கே, அன்னைய விலைக்குத் தங்கக்காசா வாங்கி வைப்போம். அதுக்குக் கூலி கொஞ்சம்தான். கல்யாணத்துக்கு எந்தக் கடையிலயும் கொடுத்து நகை எடுக்கலாம். உங்க அம்மைகிட்ட இது உன் யோசனைன்னே சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டா.’

அவன் அப்படியே செய்தான். கல்யாண நகை எடுக்கும் நேரம் வந்ததும், அதே கடைக்குத்தான் போக வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

மாதாமாதம் வாங்கிச் சேர்த்த தங்கக்காசுகளை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். கலர் வந்தது. “வாங்கக்கா, இந்தத் தடவையும் சீட்டுதானே?” என்று அதே ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அக்கா கலரை ஓரமாகத் தள்ளிவைத்தாள். நாற்காலி நுனிக்கு நகர்ந்து, எழுந்து போகத் தோதாக உட்கார்ந்துகொண்டாள்.

“முதல்ல சேதாரத்தைச் சொல்லுங்க தம்பி.”