திரைக்கு உள்ளே ஓடிய கைக்கடிகாரம்

அறுபதுகளில் கல்யாண வீடுகளுக்கு மருதாணி வைத்துப் பிழைத்தவள் நான். பொண்ணுக்கு மொத்தமாக ஒரு தொகை, விருந்தாளிகளுக்குக் கைக்கு இவ்வளவு. அதுதான் என் வழக்கம்.

லால்பேட்டையில் ஒரு கல்யாணம். பொண்ணோட அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சிதம்பரத்தில் ஜவுளிக்கடை. கொஞ்ச காலம் பினாங்கில் இருந்துவிட்டு வந்தவர்.

"கைக்குக் கூலின்னா ரொம்ப ஜாஸ்திம்மா. அங்கெல்லாம் மணிக்கு இவ்வளவுன்னுதான் கணக்கு" என்றார்.

துணியை அளந்து விற்கிறவர், என் விரலைக் கடிகாரத்தால் அளக்கப் பார்த்தார். சரி என்றேன். சொன்னதும், நான் வேண்டுமென்றே இழுத்தடிப்பேனோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. பொம்பளைகள் இருக்கிற அறைக்குள் அவர் வர முடியாது. கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரை வழியாக மனைவியிடம் நீட்டி, "பாத்துக்க" என்றார்.

அந்தம்மா நன்றாகவே பார்த்துக்கொண்டார். "மணிக்குத்தானே கூலி? எத்தன கை வச்சா நமக்கென்ன?" என்று தெருவையே கூப்பிட்டார். ஒரு மாமிக்குப் பூ பிடிக்கவில்லை. அழித்து மறுபடி வைத்தேன். கைக்குக் கூலி என்றால் அந்த நஷ்டம் என்னுடையது. அன்று நான் சிரித்துக்கொண்டே அழித்தேன்.

கடைசியில் அந்தம்மாவும் இரண்டு கையையும் நீட்டினார். அறையில் ஈர மருதாணி இல்லாத கை என்னுடையது மட்டும்தான். கடிகாரம் என் மடிக்கு வந்தது.

"மணி என்னா ஆச்சு?" என்று திரைக்கு வெளியே இருந்து பொண்ணோட அத்தா கத்தினார்.

நான்தான் பார்த்துச் சொன்னேன். கைக்குக் கூலியைவிடக் கணக்கு எங்கேயோ போயிருந்தது, ஆனால் நான் ஒரு நிமிஷம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.